பிரெஞ்சு மின்னஞ்சலில் 4,180 சொல், என் மென்பொருளில் 3,790

பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு ஒரு வேலை. மின்னஞ்சலில் எல்லாம் தெளிவு: 4,180 மூலச் சொற்கள், சொல்லுக்கு 0.10 யூரோ, செவ்வாய் பகல் 12 மணிக்குள், பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல். ஆனால் என் மொழிபெயர்ப்பு மென்பொருள் 3,790 என்றது. 39 யூரோ வித்தியாசம். விலைப்பட்டியல் போட முடியவில்லை.

அடிக்குறிப்புகளைச் சேர்த்தும் நீக்கியும் எண்ணினேன், உரைப்பெட்டிகளைத் தேடினேன். எதுவும் பொருந்தவில்லை.

விஷயம் நிறுத்தக்குறிகளில் இருந்தது. பிரெஞ்சில் : ; ? ! ஆகியவற்றுக்கு முன்னாலும், « » மேற்கோளுக்கு உட்புறமும் இடைவெளி உண்டு. அது பிரியாத இடைவெளியாக இருக்க வேண்டும். இந்தக் கோப்பிலோ சாதாரண இடைவெளி. அதனால் தனியே நின்ற ஒவ்வொரு குறியையும் வேர்டு ஒரு சொல்லாக எண்ணி 4,180 என்று காட்டிவிட்டது. என் மென்பொருள் குறிகளை எண்ணாது.

கோப்பின் நகலில் Ctrl+H கொடுத்து, குறிகளுக்கு முன்னாலும் மேற்கோளுக்கு உட்புறமும் இருந்த இடைவெளிகளை நீக்கினேன். எத்தனை மாற்றம் என்று வேர்டே சொல்லும், கூட்டினால் 382. மிச்சம் 8, இருபுறமும் இடைவெளி விட்ட நீள்கோடுகள். கணக்கு நேரானது, நிம்மதி.

எந்த எண்ணிக்கைக்குப் பணம் என்று வாடிக்கையாளரிடம் எழுத்தில் கேட்டேன். மின்னஞ்சலில் உள்ளதே செல்லும் என்றார்கள். இதை வேலை தொடங்குமுன் கேட்பதே நல்லது.