விதவை, தபுதாரர் ஓய்வூதியம்: முதலில் பெயரைப் பாருங்கள்

அரச வேலையில் இருந்தவர் இறந்த பிறகு விதவை அல்லது தபுதாரர் ஓய்வூதியத்துக்காகப் பிரதேச செயலகம் போகும் முன், இறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், இருவரின் அடையாள அட்டை, உங்கள் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் பரப்பி வைத்துப் பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சட்டப்படியான துணை நீங்கள்தானா என்பதை இந்தத் தாள்களை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள், அதனால் நம் மலையகத்தில் சர்வசாதாரணமான ‘முத்தம்மா’, ‘முத்தம்மாள்’ வித்தியாசம்கூடக் கோப்பை நிறுத்திவிடும். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, முதல் தடவையே சேர்த்துக் கொடுங்கள். பெயரே முழுதாக மாறியிருந்தால் அது போதாமல் போகலாம், சான்றிதழைப் பதிவாளர் அலுவலகத்தில் திருத்த வேண்டி வரலாம். தோட்டத் தொழிலாளியின் குடும்பத்துக்கு இந்த ஓய்வூதியம் பொருந்தாது, அவர்கள் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.