பேட்டியிலிருந்து ஆடியோகிராம்: காதால் வெட்டினால் எங்கே தவறுகிறது

பெரும்பாலான சமூக ஊடகங்களில் வெறும் ஒலிக் கோப்பைப் போட வழியில்லை, வீடியோவாகத்தான் போட வேண்டும். அதனால் பேட்டியின் ஒரு துண்டை எடுத்து, ஒரு படம், குரலுக்கு ஏற்ப ஆடும் வேவ்ஃபார்ம் கோடு, சப்டைட்டில் சேர்த்து ஆடியோகிராம் ஆக்குகிறோம். ஆனால் பல ஃபீடுகளில் வீடியோ சத்தமில்லாமல்தான் ஓடத் தொடங்கும். முதலில் படிப்பார்கள், பிடித்தால் சத்தத்தைக் கூட்டுவார்கள். இங்கே நடக்கும் பெரும்பாலான தவறுகள், எடிட் செய்பவர் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு காதை மட்டும் நம்பி வெட்டுவதால் வருபவை.

ஒரு உதாரணம். காசிமேட்டில் வயதான மீனவர் ஒருவரிடம் நாற்பது நிமிடப் பேட்டி எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் அவர் சொல்கிறார்: "கடல் ஒண்ணும் பண்ணல சார். ஹார்பர் வந்துச்சு, மணலு வர்றது நின்னுபோச்சு. மணலு போனா வூடு போவாதா?" துண்டு கிடைத்துவிட்டது என்று கேட்ட உடனே தெரியும்.

முதல் தவறு, அதற்கு முன்னால் இருக்கும் கேள்வியோடு சேர்த்து வெட்டுவது. "வணக்கம், இன்னைக்கு நம்மோட இருக்கிறவர்…" என்று தொடங்கி, கேள்வி கேட்டு, அவர் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் பத்து விநாடி போய்விடும். திரையில் அந்தப் பத்து விநாடியும் வெறும் முன்னுரை. துண்டு "கடல் ஒண்ணும் பண்ணல சார்" என்ற இடத்தில்தான் தொடங்க வேண்டும். பேசுபவர் யார், எந்த ஊர் என்பதைப் படத்தின் மேலே ஒரே வரியில் எழுதிவிடலாம்.

இரண்டாவது, எங்கே முடிப்பது. இது இன்னும் ஆபத்தானது. "வூடு போவாதா?" என்று நிறுத்தினால் நல்ல அடி. ஆனால் அவர் அடுத்து, "ஆனா ஹார்பர் இல்லன்னா எங்களுக்கு போட்டு கட்ட எடமும் இல்ல" என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வெட்டி எறிந்தால் அவர் துறைமுகமே வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடும். சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் வடக்கே நகரும் மணலை மறித்ததால் தெற்கே மெரினா அகலமாகி, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது உண்மைதான். ஆனாலும் அவர் சொன்னது இரண்டு பக்கமும் உள்ள பேச்சு. 'ஆனா', 'இருந்தாலும்', 'அதுக்காக' என்ற சொற்கள் வெட்டும் இடத்துக்குப் பின்னால் வருகின்றனவா என்று பார்க்காமல் எதையும் ஏற்றக் கூடாது. நான்கு விநாடி நீண்டாலும் பரவாயில்லை.

அடுத்து சப்டைட்டில். தமிழில் செய்பவர்கள் அதிகம் அடிபடும் இடம் இதுதான். 'கொ' என்பதில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் போக வேண்டும். தமிழ் எழுத்தைச் சரியாக அடுக்கத் தெரியாத மென்பொருளில் கொம்பு தன் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டத்தோடு தனியாகத் தொங்கும். எழுத்து எழுத்தாகத் துள்ளும் அனிமேஷன் போட்டாலும் இதே கதிதான்: புள்ளி தனியாக வரும், மெய் தனியாக வரும். சொல் சொல்லாக நிறம் மாறும் அனிமேஷனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏற்றுவதற்கு முன் 'கொ', 'போ', 'கௌ' மூன்றும் வரும் ஒரு சோதனை வரியை வீடியோவாகவே ஏற்றுமதி செய்து, போனில் பாருங்கள். எடிட்டரில் சரியாகத் தெரிந்தது ஏற்றுமதியில் உடைந்து வருவதும் உண்டு.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எனவே வரிக்கு மூன்று நான்கு சொல், ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வரியைப் பொருள் முடியும் இடத்தில் உடைக்க வேண்டும். "மணலு வர்றது / நின்னுபோச்சு" என்பது சரி, "ஹார்பர் வந்துச்சு, மணலு / வர்றது" என்பது படிப்பவரைத் தடுக்கும். அவர் 'வூடு' என்றால் 'வூடு' என்றே எழுதுங்கள். அதை 'வீடு' என்று திருத்தினால் கண் ஒன்றைப் படிக்கும், காது வேறொன்றைக் கேட்கும். வடசென்னைப் பேச்சைத் திருத்த நாம் யார் என்பது தனிக் கேள்வி.

வேவ்ஃபார்மில் பலர் கவனிக்காத ஒன்று: பின்னணி இசை கலந்த கோப்பிலிருந்து அதை வரைவது. அப்போது அவர் மூச்சு விடும் இடத்திலும் கோடு ஆடும், கேள்விக்குப் பின் வரும் மௌனத்திலும் ஆடும். யாரோ பேசுகிறார்கள் என்று பார்ப்பவருக்குச் சொல்லத்தான் அந்தக் கோடு. இசையோடு சேர்ந்து ஆடினால் அது வெறும் அலங்காரம். குரலை மட்டும் தனியாக ஏற்றுமதி செய்து, வேவ்ஃபார்மை அதிலிருந்து வரையுங்கள், கேட்பதற்கு இசை கலந்த கோப்பைக் கொடுங்கள். இரண்டு கோப்பும் ஒரே நொடியில் தொடங்க வேண்டும். ffmpeg பயன்படுத்துபவர்களுக்கு:

```
ffmpeg -loop 1 -framerate 25 -i bg.png -i mix.wav -i voice.wav \
-filter_complex "[2:a]aformat=channel_layouts=mono,showwaves=s=900x200:mode=cline:rate=25:colors=white[w];[0:v][w]overlay=90:760,subtitles=clip.ass[v]" \
-map "[v]" -map 1:a -c:v libx264 -pix_fmt yuv420p -c:a aac -shortest out.mp4
```

இதில் bg.png பின்னணிப் படம், 1080x1350 அளவு. mix.wav இசை கலந்த கோப்பு, voice.wav குரல் மட்டும், clip.ass சப்டைட்டில் கோப்பு. குரலை மோனோ ஆக்காவிட்டால் இரண்டு சேனலின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். ரீல்ஸுக்கு 1080x1920 படம் போட்டால் overlay எண்ணையும் மாற்றுங்கள். கீழ்ப்பகுதியில் கணக்கின் பெயரும் பொத்தான்களும் மறைக்கும் என்பதால் சப்டைட்டிலை நடுப்பக்கம் ஏற்றிவிடுங்கள்.

இனி எது ஓடியது என்று பார்ப்பது. வியூஸை வைத்து ஒரு தளத்தை இன்னொன்றோடு ஒப்பிடுவது வீண் வேலை. 2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸில் வீடியோ ஓடத் தொடங்கினாலே, திரும்ப ஓடினாலும், வியூ கணக்கில் சேரும். எல்லாத் தளங்களும் இப்படியே எண்ணுவதில்லை. ஒரே தளத்துக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்.

அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. நம் மீனவர் துண்டை 25 விநாடியில் ஒன்று, 'ஆனா' வரை நீட்டி, முன்னால் கேள்வியும் வைத்து 50 விநாடியில் ஒன்று என்று இரண்டாகப் போட்டதாகக் கொள்வோம். சராசரியாகப் பார்த்த நேரம் முதலாவதில் 10 விநாடி, இரண்டாவதில் 15. சதவீதமாகப் பார்த்தால் 40-க்கு 30, குட்டைத் துண்டு வென்றது போலிருக்கும். விநாடியாகப் பார்த்தால் நீளமானது வென்றது. இரண்டுமே எதையும் நிரூபிக்கவில்லை, ஏனென்றால் குட்டை வீடியோவுக்குச் சதவீதம் எளிதில் ஏறும், நீள வீடியோவுக்கு விநாடி எளிதில் ஏறும். பார்வையாளர் தங்கும் வரைபடத்தைத் திறந்து இரண்டிலும் ஒரே புள்ளியைப் பாருங்கள்: 3-ஆம் விநாடியில் எத்தனை சதவீதம் பேர் மிச்சம், 10-ஆம் விநாடியில் எத்தனை. 3-இல் சரிந்தால் தொடக்க வரியில் குறை. 3-இல் நின்று 10-இல் சரிந்தால் வெட்டு நீளம் அல்லது பேச்சின் ஓட்டம்.

இந்த உதாரணத்திலேயே இன்னொரு தவறும் ஒளிந்திருக்கிறது. தொடக்கமும் முடிவும் ஒரே நேரத்தில் மாறியிருக்கின்றன. எது எதைச் செய்தது என்று பிரிக்க முடியாது. கேள்வியை மட்டும் நீக்கிவிட்டு 'ஆனா' வரையான முடிவை அப்படியே வைத்து ஒரு பதிவு போட்டால்தான் தொடக்கத்தின் பலம் தெரியும். சில டஜன் பேர் மட்டுமே பார்த்த பதிவை வைத்து முடிவு எடுக்காதீர்கள், ஒரு நண்பர் குழு வாட்ஸாப்பில் பகிர்ந்தாலே அந்த எண் தலைகீழாகிவிடும்.

லைக்கைவிட, ரீச்சில் எத்தனை பங்கு ஷேர் ஆனது என்பதுதான் மேற்கோள் துண்டுகளுக்கு நல்ல அளவுகோல் என்பது என் கணிப்பு. மேற்கோள் என்பது அடுத்தவருக்குச் சொல்லத் தோன்றுவது. முழுப் பேட்டிக்கு ஆள் வந்தார்களா என்பது வேறு கேள்வி. இன்ஸ்டாகிராம் கேப்ஷனிலும் ஷார்ட்ஸ் விளக்கத்திலும் போடும் லிங்கைத் தட்டினால் எங்கும் போகாது. ஷார்ட்ஸில் 'தொடர்புடைய வீடியோ' வசதியில் முழு எபிசோடை இணையுங்கள். இன்ஸ்டாகிராமில் ஸ்டோரி ஸ்டிக்கரில் போடும் லிங்கின் கடைசியில், எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டும் utm_content என்ற குறியைச் சேர்த்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பெயர் கொடுங்கள்: ஒன்றுக்கு `manal-kelvi`, இன்னொன்றுக்கு `manal-aana`. எந்தத் துண்டைப் பார்த்து முழுப் பேட்டிக்கு வந்தார்கள் என்பது அப்போதுதான் தனித்தனியாகத் தெரியும்.