வெளிநாட்டுச் சங்க ரிக்கெட் அறிவித்தல்: காசு வரும், ஆள் தெரியாது

ஆவணி, புரட்டாதி வந்தால் யாழ்ப்பாணத்தில் எங்கள் அச்சகத்தில் வெளிநாட்டு வேலை கூடிவிடும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற பழைய மாணவர் சங்கங்களும் கலை மன்றங்களும் ஆண்டுவிழா அறிவித்தலை இங்கேதான் செய்விக்கிறார்கள். போன கிழமை, புதிதாக வேலைக்கு வந்த தம்பி ஒருவர் தான் செய்த லண்டன் அறிவித்தலைக் காட்டினார். குத்துவிளக்கு அழகாக இருந்தது. கீழே பார்த்தேன்: "கட்டணத்தைக் கீழ்க்காணும் வங்கிக் கணக்கில் வைப்பிலிட்டு ஆசனங்களை உறுதிசெய்துகொள்ளவும்." பதினொரு வருடத்துக்கு முதல் நான் எழுதிய அதே வரி, எழுத்து மாறாமல். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழை, திகதிப்பிழை எல்லாம் இரண்டாம் தரம் வாசித்தால் கண்ணில் படும். இந்தப் பிழை எத்தனை தரம் வாசித்தாலும் படாது.

பதிவு எண் இல்லாமல் காசு கேட்பது

என் கதையைச் சொல்கிறேன். லண்டன் சங்கம் ஒன்று, 380 கதிரை உள்ள மண்டபம். ரிக்கெட் மூன்று விலை: முன்னுக்கு 30 பவுண், நடுவில் 20, பின்னுக்கு 15. ரெலிபோனில் கதிரையைச் சொல்லி வைத்துவிட்டு, பிறகு கணக்கில் காசு போட வேண்டும். அறிவித்தல் வெளியாகி ஒரு கிழமையில் பொருளாளர் எனக்கு ரெலிபோன் எடுத்தார். அவருக்கு அங்கே இரவு பதினொரு மணி. "தம்பி, காசு வந்திருக்குது, ஆர் போட்டதெண்டு தெரியேல்ல" என்றார்.

வங்கிக் கணக்கில் அவர் பார்த்தது இதுதான். அறுபது பவுண், அறுபது பவுண், அறுபது பவுண். 30 பவுண் ரிக்கெட் இரண்டு எடுத்தாலும் 60, 20 பவுண் மூன்று எடுத்தாலும் 60, 15 பவுண் நாலு எடுத்தாலும் 60. தொகையை வைத்து யார் எந்தக் கதிரைக்குப் போட்டார் என்று கண்டுபிடிக்க வழியில்லை. பெயரைப் பார்த்தால் S KUMAR என்று மூன்று பேர். எங்கள் ஆட்களின் பெயர் வங்கியில் எப்படி நிற்கும் என்று தெரியும்தானே? தகப்பன் பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும். ஒரே ஊரில் அப்படி ஐந்து பேர் இருப்பார்கள். அதற்கு மேல், கதிரை சொல்லி வைத்தவர் கணவர், காசு போனது மனைவியின் கணக்கிலிருந்து. குறிப்புக்கான இடத்தில் பாதிப் பேர் tickets என்று எழுதியிருந்தார்கள், மீதிப் பேர் ஒன்றும் எழுதவில்லை.

இரண்டு கிழமை அவர் ஒவ்வொரு வீடாக ரெலிபோன் எடுத்தார். அப்படியும் ஒரு குடும்பம் தப்பிவிட்டது. சி வரிசையில் 7, 8, 9 என்று மூன்று கதிரை சொல்லி வைத்தவர், மனைவியின் கணக்கிலிருந்து 60 பவுண் போட்டிருக்கிறார். அந்தப் பெயர் பட்டியலில் இல்லாததால், காசு வரவில்லை என்று நினைத்து அந்த மூன்று கதிரையையும் இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். விழா அன்று மங்கள விளக்கு ஏற்றும் நேரத்தில் இரண்டு குடும்பமும் அந்த மூன்று கதிரைக்கு முன்னால் நின்றன. ஒரு பாட்டி காசு அனுப்பிய பற்றுச்சீட்டை மடித்துக் கைக்குள் பிடித்தபடி, இருக்க இடமில்லாமல் நின்றாவாம். இரண்டு பேரும் காசு கட்டியவர்கள். இரண்டு பேரிலும் பிழை இல்லை. பிழை என் வரியில் இருந்தது.

சரி, எப்படி எழுத வேண்டும்? ஒழுங்கை மாற்றினால் போதும். முதலில் பதிவு, பிறகு எண், அதற்குப் பிறகுதான் காசு. இங்கிலாந்தில் வங்கி மாற்றத்தின் ரெபரன்ஸ் பெட்டி 18 எழுத்து வரைதான் எடுக்கும், ஆகவே எண் சின்னதாக இருக்க வேண்டும். AV047 போல இரண்டு எழுத்தும் மூன்று இலக்கமும் தாராளமாகப் போதும். இடையில் கோடு, புள்ளி வேண்டாம், சில வங்கிச் செயலிகள் அவற்றை ஏற்காது. O, I என்ற எழுத்துகளையும் தவிருங்கள், பூச்சியம் என்றும் ஒன்று என்றும் வாசிப்பார்கள். தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்த வாசகம் இது:

"முதலில் கதிரைகளைப் பதிவுசெய்து உங்கள் பதிவு எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். காசு அனுப்பும்போது ரெபரன்ஸில் அந்த எண்ணை மட்டும் எழுதுங்கள், பெயர் வேண்டாம். ஒரு பதிவுக்கு ஒரே தடவையில் முழுத்தொகையையும் அனுப்புங்கள். பதிவுசெய்து 48 மணித்தியாலத்துக்குள் காசு வராவிட்டால் உங்களோடு பேசிய பிறகே கதிரைகள் விடுவிக்கப்படும்."

கடைசி வரியில் "உங்களோடு பேசிய பிறகே" என்பதைச் சங்கத்தார் சில நேரம் வெட்டச் சொல்வார்கள், இடம் போதாது என்று. விட்டுக்கொடுக்காதீர்கள். சி வரிசைக்கு நடந்தது அந்த ஒரு ரெலிபோன் எடுக்காததால்தான். "ஒரே தடவையில்" என்பதும் தேவை. அண்ணன் பாதி, தம்பி பாதி என்று இரண்டு கணக்கிலிருந்து அனுப்பினால், எண் சரியாக இருந்தாலும் முதல் பாதி வந்த அன்று பொருளாளர் குழம்பிப்போவார்.

கனடாவில் இன்ரராக் என்ற காசு அனுப்பும் சேவை மூலம் மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்புவார்கள். அங்கே ரெபரன்ஸ் என்று எழுதினால் தேடுவார்கள். "செய்திப் பெட்டியில் பதிவு எண்" என்று எழுதுங்கள்.

கணக்கின் பெயரைச் சுருக்குவது

இங்கிலாந்து வங்கிகள் இப்போது காசு போக முதல் கணக்கின் பெயரை ஒப்பிட்டுப் பார்க்கின்றன. எல்லாரும் கூப்பிடும் சுருக்கப் பெயரை நீங்கள் அறிவித்தலில் போட்டு, வங்கியில் நீளமான பெயர் இருந்தால், பெயர் பொருந்தவில்லை என்று திரையில் வரும். வயதானவர்கள் அதைப் பார்த்ததும் மோசடி என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். நிறுத்துவது சரியும்கூட. ஆகவே பொருளாளரிடம் வங்கிக் கூற்றின் தலைப்பைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அதில் உள்ளபடியே எழுதுங்கள். ஆறு இலக்க சோர்ட் கோட், எட்டு இலக்கக் கணக்கு எண் இரண்டையும் படத்துக்குள் மட்டும் வைக்காமல், தொட்டுப் பிரதியெடுக்கக் கூடியதாக வட்ஸ்அப் செய்தியிலும் கொடுங்கள்.

பாமினியில் மின்னஞ்சல் முகவரி

பாமினி எழுத்துருவை மாற்றாமல் முகவரியைத் தட்டினால் ஆங்கில எழுத்தெல்லாம் தமிழ்க் கிறுக்கலாகிவிடும். இலக்கங்கள் மட்டும் அப்படியே நிற்பதால் அவசரத்தில் பார்க்கிறவருக்குப் பிடிபடாது.

கதிரை வரைபடத்தைச் சொந்தமாக வரைவது

வேண்டாம். மண்டபக்காரரின் வரைபடத்தையே கேட்டு வாங்குங்கள். சில மண்டபங்களில் ஐ வரிசையே இருக்காது, எச் முடிந்ததும் ஜே வரும்.

மடியில் இருக்கும் பிள்ளை

"சிறுவர்களுக்கு இலவசம்" என்று மட்டும் எழுதினால் கதிரையும் உண்டா இல்லையா என்று விழா அன்றுதான் சண்டை வரும். எத்தனை வயது, கதிரை உண்டா, இரண்டையும் எழுதுங்கள். மண்டபத்தின் ஆள் எண்ணிக்கையில் கைக்குழந்தையும் ஒரு தலைதான், பதிவில் அதையும் கேட்க வேண்டும்.

யாருடைய மணி

விற்பனை தொடங்கும் நேரத்தை லண்டன் நேரம் என்று எழுதுங்கள். நாங்கள் இங்கிருந்து கணக்குப் பார்த்தால் கோடையில் நாலரை மணித்தியாலம் வித்தியாசம், ஐப்பசிக் கடைசி ஞாயிறில் அவர்கள் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளியதும் ஐந்தரை. தம்பி செய்த அறிவித்தலில் விற்பனை தொடங்குவது அதே ஞாயிற்றுக்கிழமை. அதை அடுத்த சனிக்கிழமைக்கு மாற்றச் சொல்லிச் செயலாளருக்கு எழுதியிருக்கிறோம், பதில் வந்த பிறகுதான் அச்சுக்குப் போகும்.