சென்னைக்கும் கோவில்பட்டிக்கும் ஒரே பிட் போட்டா எப்படி? கூகுள் ஆட்ஸ்ல ஊருக்கு ஏத்த மாதிரி பிட் மாத்துறது

பிட்னா ஒரு கிளிக்குக்கு நாம குடுக்க தயாரா இருக்கிற அதிகபட்ச விலை. சென்னைல கிளிக் காஸ்ட்லி, சின்ன ஊர்ல சீப், அதனால சின்ன ஊர்லயே காசை போடுவோம்னு தான் புதுசா விளம்பரம் போடுற எல்லாரும் ஆரம்பிக்கிறாங்க, ஆனா பாக்க வேண்டியது கிளிக் விலை இல்ல, ஒரு ஆர்டர் பிடிக்க எவ்ளோ ஆச்சுங்கிறது தான். மாடுலர் கிச்சன் கடைய வச்சு பாப்போம், நம்பர் எல்லாம் கணக்கு புரியறதுக்காக நானா போட்டது.

முதல்ல Settings-ல Location options போய் Presence-க்கு மாத்துங்க, அதாவது அந்த ஊர்ல இருக்கிற, இல்ல அடிக்கடி அங்க வர்ற ஆளுக்கு மட்டும் விளம்பரம் போகும். டீஃபால்ட்ல சென்னைய பத்தி தேடுற வெளியூர் ஆளுக்கும் விளம்பரம் போகும், அப்புறம் ஊர்வாரி கணக்கே குழம்பிடும். இத மாத்தினாலும் மொபைல்ல வர்ற ஆளோட ஊரை கூகுள் சில சமயம் தப்பா காட்டும், அதனால போன் எடுக்கிறவங்க "எந்த ஊர்ங்க?"னு கேட்டு எழுதி வைக்கணும்.

அடுத்து ஊர்களை மூணா பிரிங்க: சென்னை தனி, கோவை மதுரை திருச்சி ஒரு செட், கோவில்பட்டி தேனி காரைக்குடி மாதிரி ஊர்லாம் சேத்து ஒரு செட். சின்ன ஊரை தனித்தனியா பாக்காதீங்க, இருபது கிளிக்ல ஆர்டர் வரலன்னா அத வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது.

இப்ப கணக்கு. சென்னைல 1,00,000 செலவு, 10 ஆர்டர், ஆக ஒண்ணுக்கு 10,000. கோவை செட்ல 40,000 செலவு, 8 ஆர்டர், ஒண்ணுக்கு 5,000. சின்ன ஊர்ல 15,000-க்கு 3 ஆர்டர், அதுவும் 5,000. பாத்தா சென்னை தான் வேஸ்ட் மாதிரி தெரியும். ஆனா சராசரி ஆர்டர் சென்னைல 2 லட்சம், கோவைல 1.5 லட்சம், சின்ன ஊர்ல 80,000. ஆர்டர் மதிப்புல 6% விளம்பரத்துக்கு தாங்கும்னு வச்சா லிமிட் 12,000, 9,000, 4,800.

லிமிட்டை இப்ப ஒரு ஆர்டருக்கு ஆகுற செலவால வகுங்க. சென்னை 1.2, அதாவது +20%. கோவை 1.8, அதாவது +80%. சின்ன ஊர் 0.96, கிட்டத்தட்ட அப்படியே விடலாம், 3 ஆர்டர வச்சு அதுக்கு மேல தோண்டவும் முடியாது.

Locations பக்கத்துல Bid adj. column-ல இத போடணும். கோவைக்கு ஒரே அடியா +80% போட்டுடாதீங்க, பிட் ஏறினா கிளிக் விலையும் ஏறும், ஆர்டர் அதே வேகத்துல ஏறாது, மொதல்ல +25% வச்சு சில வாரம் பாத்துட்டு ஏத்துங்க.

ஒரு முக்கியமான விஷயம், ஒரு ஆர்டருக்கு இவ்ளோ செலவுன்னு டார்கெட் மட்டும் குடுத்துட்டு பிட்டை கூகுள் கிட்ட விடுற Target CPA மாதிரி ஆட்டோ பிட்டிங் ஓடுச்சுன்னா இந்த ஊர் பர்சென்டேஜை கூகுள் கண்டுக்கவே கண்டுக்காது, நாமளே பிட் வைக்கிற Manual CPC-ல வேலை செய்யும். ஆட்டோ தான் வேணும்னா மூணு செட்டுக்கும் தனித்தனி கேம்பெய்ன் போட்டு தனித்தனி டார்கெட் குடுங்க. சின்ன ஊர் கேம்பெய்ன்ல பட்ஜெட் முழுசா செலவாகலன்னா அது பெரும்பாலும் செட்டிங் தப்பு இல்ல, தேடுற ஆளே அங்க அவ்ளோ தான்.