கமிஷன் வருமானத்தை மாதச் சம்பளமாக மாற்ற ஒரு வழி

கிருஷ்ணகிரியில் டூவீலர் ஷோரூமில் கமிஷனுக்கு வேலை செய்பவர்களுக்கு இது தெரியும்: மாங்காய்ப் பணம் புழங்கும்போதும் ஆயுத பூஜை, தீபாவளியை ஒட்டியும் வண்டி நன்றாகப் போகும். ஆடியும் மார்கழியும் வந்தால் படுத்துவிடும். வாடகை மட்டும் மாதாமாதம் அதேதான்.

கமிஷன் முழுவதையும் தனி சேமிப்புக் கணக்கில் வாங்குங்கள். அதில் யுபிஐ, ஏடிஎம் கார்டு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு 1-ஆம் தேதியும் அதிலிருந்து வீட்டுக் கணக்குக்கு ஒரே தொகை போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்துவிடுங்கள்.

எவ்வளவு? போன 12 மாதக் கமிஷனில் பெட்ரோல் செலவு போக 3 லட்சம் என்றால் சராசரி 25,000. அதையே சம்பளமாக வைத்தால் ஒரு மோசமான வருடம் தாங்காது. 20,000 போதும்.

அப்புறம், தொடர்ந்து மந்தமான மாதங்களைப் பாருங்கள். ஜூலை 9,000, ஆகஸ்ட் 6,000, செப்டம்பர் 7,000 என்றால் பற்றாக்குறை 11,000, 14,000, 13,000. மொத்தம் 38,000. ஆகவே கையிருப்பு 40,000 சேர்ந்த பிறகுதான் இந்த முறையைத் தொடங்க வேண்டும். கையிருப்பு இல்லாமல் ஆடியில் தொடங்கினால் முதல் மாதமே கணக்கு காலியாகிவிடும். தீபாவளி கமிஷன் வந்ததும் தொடங்குவது நல்லது.

நல்ல சீசன் முடிந்தும் இருப்பு 40,000-ஐத் தொடவில்லையா? சம்பளம் அதிகம் என்று அர்த்தம். உடனே 18,000 ஆக்குங்கள். 80,000 தாண்டினால் மிச்சத்தை ஆர்.டி.யில் போடலாம், சம்பளத்தை ஏற்ற வேண்டாம்.