பெயரை மறைத்துக் காட்டிப் பாருங்கள்

மார்த்தாண்டத்தில் தேன் விற்கும் எல்லோரும் ‘சுத்தமான தேன்’ என்றுதான் எழுதுகிறோம். லேபிளைப் படித்து வித்தியாசம் பார்க்க வாங்குபவருக்கு நேரமில்லை. நம் பாட்டில்தான் சட்டெனக் கண்ணில் பட வேண்டும்.

லேபிளில் பெயரை மறைத்து, ஒவ்வொரு அடையாளத்தையும் தனித்தனியாகப் படமெடுங்கள். தேன் வாங்கும் 20 பேரிடம், கடைப் பெயர் எதையும் நீங்கள் சொல்லாமல், “இது யாரோட தேன்?” என்று கேளுங்கள். எங்கள் தேனீ படத்துக்கு 6 பேர் எங்கள் பெயரையும் 9 பேர் வேறு கடைகளையும் சொன்னார்கள். சிவப்பு மூடிக்கு 14 பேர் எங்களைச் சொன்னார்கள், வேறு பெயரே வரவில்லை. அழகான தேனீதான், ஆனால் அது ஊருக்கே பொது. இப்போது மூடியின் சிவப்பையே பையிலும் பலகையிலும் போடுகிறோம். ஓணத்துக்குக்கூட அந்த நிறத்தை மாற்றுவதில்லை.