ஃப்ரீ த்ரோவும் 45 டிகிரி என்ற தவறான கணக்கும்

சென்ற வாரம் கூடைப்பந்து மைதானத்தில் ஒரு பையன் தனியாக ஃப்ரீ த்ரோ, அதாவது கோட்டில் நின்று யாரும் தடுக்காமல் வளையத்துக்குள் வீசும் வீச்சை, பயிற்சி செய்துகொண்டிருந்தான். பத்து பந்துகளில் ஏழு, வளையத்தின் முன்விளிம்பிலோ பின்விளிம்பிலோ பட்டுத் தெறித்தன. ஒன்றுகூட இடப்பக்கமோ வலப்பக்கமோ விலகவில்லை. "கை நடுங்குகிறது சார்" என்றான். கை நடுங்கினால் பந்து பக்கவாட்டில் விலகும். இவனுடைய பந்து நேராகத்தான் போனது. ஆனால் தட்டையாகப் போனது. இருபது வருடங்களுக்கு முன் நான் வீசிய அதே வீச்சு.

கோட்டை மிதிப்பது, முழங்காலை மடக்காமல் வீசுவது போன்ற தவறுகளை எந்தப் பயிற்சியாளரும் முதல் நாளே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிட்டு, மற்ற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

## வளையத்தை வட்டமாகவே நினைப்பது

வளையத்தின் உள்விட்டம் ஏறத்தாழ 45.7 செ.மீ. ஆண்கள் ஆடும் பந்தின் விட்டம் சுமார் 24 செ.மீ. கிட்டத்தட்ட இரண்டு பந்துகள் போகும் அளவு இடம் இருக்கிறதே என்று தோன்றும். பந்து செங்குத்தாக மேலிருந்து விழுந்தால் அது உண்மை.

எனக்கு இதைப் புரியவைத்தவர் ஒரு பழைய மாஸ்டர். தன் மகளின் வளையலைக் கொண்டுவந்து என் கண்ணுக்கு எதிரே படுக்கையாகப் பிடித்தார். "பந்து வருகிற பக்கத்திலிருந்து பார் தம்பி" என்றார். மேலிருந்து பார்த்தபோது வட்டமாக இருந்த வளையல், தலையைத் தாழ்த்தத் தாழ்த்த ஒடுங்கி ஒரு கீற்றாகிவிட்டது.

அந்தக் கீற்றின் அகலத்தைக் கணக்கிடுவது எளிது. விட்டத்தை, பந்து இறங்கும் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்க வேண்டும். கிடைமட்டத்திலிருந்து 50 டிகிரியில் இறங்கும் பந்துக்கு 35 செ.மீ. வாசல் திறந்திருக்கிறது. 40 டிகிரியில் அது 29 செ.மீ. 30 டிகிரியில் 23 செ.மீ.க்கும் சற்றுக் குறைவு. பந்தோ 24 செ.மீ. ஆக, சுமார் 32 டிகிரிக்குக் கீழே இறங்கும் பந்து விளிம்பில் படாமல் உள்ளே போக வழியே இல்லை. விளிம்பில் பட்டுக் குதித்து உள்ளே விழலாம், அது அதிர்ஷ்டம்.

## 45 டிகிரியில் வீசுவது

இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். காரணம், நானே ஒரு சீசன் முழுக்க இதை நம்பி வீணாக்கியவன். எறிபொருள் 45 டிகிரியில் அதிக தூரம் போகும் என்று பதினொன்றாம் வகுப்பில் படித்தோம் அல்லவா? அதைக் கொண்டுவந்து ஃப்ரீ த்ரோ கோட்டில் வைத்தேன். சக ஆட்டக்காரர்களுக்கும் பாடம் எடுத்தேன். அந்தப் பருவத்தில் எங்கள் அணி தவறவிட்ட ஃப்ரீ த்ரோக்களில் என் பங்கு எவ்வளவு என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

அந்த விதி, கிளம்பிய உயரத்திலேயே வந்து விழும் பொருளுக்கானது. அதுவும் அதிகபட்சத் தூரத்துக்கானது. ஃப்ரீ த்ரோவில் இலக்கு நம் கையைவிட உயரத்தில் இருக்கிறது. தூரமும் கூடாமல் குறையாமல் இருக்க வேண்டும். வீசும் கோணத்தை α என்றும் இறங்கும் கோணத்தை β என்றும் வைத்துக்கொண்டால், காற்றுத் தடையை விட்டுவிட்டு, இரண்டுக்கும் உள்ள உறவு இவ்வளவுதான்:

```
tan β = tan α − 2h/L
```

h என்பது பந்து கையைவிட்டுக் கிளம்பும் இடத்துக்கும் வளையத்துக்கும் இடையே உள்ள உயரம். L என்பது அங்கிருந்து வளையத்தின் மையம் வரை உள்ள கிடைத் தூரம். வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டரில் இருக்கிறது. பந்தை 2.1 மீட்டர் உயரத்தில் விடுபவருக்கு h 0.95 மீட்டர். கை கோட்டுக்குச் சற்று முன்னால் நீண்டிருக்கும் என்பதால் L சுமார் 4.1 மீட்டர். எனவே 2h/L ஏறத்தாழ 0.46.

இப்போது என் 45 டிகிரியைப் போட்டுப் பாருங்கள். ஒன்றிலிருந்து 0.46 போனால் 0.54. அதற்குரிய கோணம் 28 டிகிரி. மேலே சொன்ன 32ஐக்கூட எட்டவில்லை. நான் எவ்வளவு துல்லியமாக வீசியிருந்தாலும் ஒரு பந்துகூட வலையை மட்டும் தொட்டு இறங்கியிருக்காது. கேட்டால், பயிற்சி போதவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

இதோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு நம்பிக்கை: உயர்த்தி வீச அதிக வலு வேண்டும். வேண்டாம். இதே ஆட்டக்காரர் 45 டிகிரியில் வீசினால் பந்தின் வேகம் நொடிக்கு 7.2 மீட்டர் இருந்தால்தான் வளையத்தின் மையத்தை எட்டும். 58 டிகிரியில் வீசினாலும் அதே 7.2 மீட்டர்தான். இரண்டுக்கும் நடுவே, 51, 52 டிகிரியில், தேவைப்படும் வேகம் இன்னும் சற்றுக் குறைவு. ஒரே உழைப்பில் கிளம்பிய இரண்டு பந்துகளில் ஒன்று 28 டிகிரியில் வந்து இரும்பில் முட்டுகிறது. மற்றது 49 டிகிரியில் இறங்குகிறது. அந்த 49 டிகிரியில், பந்து மையத்திலிருந்து முன்னாலோ பின்னாலோ கிட்டத்தட்ட 7 செ.மீ. தவறினாலும் விளிம்பில் படாமல் உள்ளே போகும்.

குள்ளமானவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். 1.8 மீட்டர் உயரத்தில் பந்தை விடும் சிறுவன் 45 டிகிரியில் வீசினால் அது 21 டிகிரியில்தான் வந்து சேரும். அவனிடம்தான் பலரும் "நேராகத் தள்ளு, அப்போதுதான் எட்டும்" என்கிறார்கள்.

"45 டிகிரி நல்லது" என்று எங்கோ படித்தேன் என்பவர்களுக்கு: அது பந்து இறங்கும் கோணத்தைப் பற்றியதாக இருக்கும். நம் உதாரணத்தில் 45 டிகிரியில் இறங்க வேண்டுமானால் 55, 56 டிகிரியில் கிளம்ப வேண்டும்.

## உயரம் நல்லது என்று வானத்துக்கு வீசுவது

வாசல் பெரிதாகும், ஆனால் குறி தப்பும். 52 டிகிரியை ஒட்டி வீசும்போது கோணம் ஒரு டிகிரி பிசகினால் பந்து விழும் இடம் ஒரு செ.மீ.கூட நகராது. 58இல் அது 5 செ.மீ. ஆகிறது. 70இல் 16 செ.மீ.; வேகமும் நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் வேண்டும். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ட்ரானும் சில்வர்பெர்கும் 2008இல் கணினியில் வீசிப் பார்த்துப் பரிந்துரைத்ததும் 52 டிகிரிதான். கூடவே நொடிக்கு மூன்று சுற்றுப் பின்சுழற்சி. நான் 52க்கும் 56க்கும் இடையே வைத்துக்கொள்ளச் சொல்வேன். தட்டையாக வீசிப் பழகிய கை தானாகவே கீழே இறங்கும்; சற்று மேலே குறி வைத்தால்தான் 52இலாவது நிற்கும்.

## முன்விளிம்பைக் குறிபார்ப்பது

அதைத்தான் இடிப்பீர்கள்.

## பின்னால் நின்று வீடியோ எடுப்பது

பின்னாலிருந்து திசை மட்டும்தான் தெரியும். கைப்பேசியை மைதானத்தின் பக்கக் கோட்டுக்கு அப்பால், முடிந்தவரை தள்ளி, கோட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே வைக்க வேண்டும். கோணமானி தேவையில்லை, வளையத்துக்குப் பின்னால் இருக்கும் போர்டே அளவுகோல். அதன் கீழ்விளிம்பு 2.90 மீட்டரிலும் மேல்விளிம்பு 3.95 மீட்டரிலும் இருக்கிறது. 2.1 மீட்டரில் கிளம்பி 45 டிகிரியில் போகும் பந்தின் உச்சி 3.43 மீட்டர், அதாவது போர்டின் சரிபாதி உயரம். 55 டிகிரியில் போகும் பந்தின் மேல்பக்கம், உச்சியில் இருக்கும்போது போர்டின் மேல்விளிம்பு மட்டத்தைத் தொடும்.

அந்தப் பையனின் வீச்சைப் பக்கவாட்டில் எடுத்துக் காட்டினேன். பந்து போர்டின் பாதி உயரத்தைத் தாண்டவே இல்லை. திரையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: "45 டிகிரிதானே சார் சரி?"